சுழல் மின்னோட்டமும் செம்புக் குழாயில் மெதுவாக விழும் காந்தமும்

சுழல் மின்னோட்டம் என்பது, மாறும் காந்தப்புலத்தில் இருக்கும் உலோகத்தின் உள்ளே தானாகவே மூடிய வளையங்களாகச் சுற்றி ஓடும் மின்னோட்டம் ஆகும். கம்பிச் சுருளோ மின்கலமோ இதற்குத் தேவையில்லை. உலோகத் துண்டே சுருளாகச் செயல்படுகிறது. பிரெஞ்சு அறிவியலாளர் லெயோன் ஃபூக்கோ 1855இல் இதை ஆராய்ந்ததால் ஃபூக்கோ மின்னோட்டம் என்ற பெயரும் உண்டு. ஒரு மின்காந்தத்தின் முனைகளுக்கிடையே செம்புத் தட்டைச் சுழற்றுவதற்குக் கூடுதல் விசை தேவைப்படுவதையும், அப்போது தட்டு சூடேறுவதையும் அவர் கண்டார்.

இந்த மின்னோட்டத்தின் விளைவைக் கண்ணால் பார்க்க மிக எளிய வழி, செங்குத்தாகப் பிடித்த செம்புக் குழாய்க்குள் ஒரு வலிமையான காந்தத்தைப் போடுவதுதான். செம்பு காந்தத்தால் ஈர்க்கப்படும் உலோகம் அன்று. காந்தத்தைக் குழாயின் வெளிப்பக்கம் ஒட்டிப் பார்த்தால் ஒட்டாது. ஆனால் அதே காந்தம் குழாய்க்குள் விழும்போது, தேனில் இறங்கும் கூழாங்கல்லைப் போல நிதானமாக இறங்குகிறது. அது குழாயின் சுவரைத் தொடவேண்டிய அவசியம்கூட இல்லை.

உராய்வும் காற்றும் காரணமா?

முதலில் இதைத் தீர்த்துக்கொள்வது நல்லது. காந்தத்தின் அளவிலும் எடையிலும் ஒத்த, காந்தமில்லாத ஓர் உலோகத் துண்டை அதே குழாய்க்குள் போட்டால், 1 மீட்டர் நீளத்தை அது அரை வினாடிக்கும் குறைவாகக் கடந்துவிடும். அதேபோல் அந்தக் காந்தத்தை அதே அளவுள்ள பி.வி.சி. குழாய்க்குள் போட்டாலும் அரை வினாடிதான் ஆகும். ஆகவே இறுக்கமோ காற்றோ காரணமல்ல. காந்தமும் மின்சாரத்தைக் கடத்தும் குழாயும் சேர்ந்திருந்தால் மட்டுமே வேகம் குறைகிறது. வகுப்பில் இச்சோதனையைச் செய்பவர்கள் இந்த இரண்டு ஒப்பீடுகளையும் முதலில் செய்துவிட்டால், பிறகு எழும் பாதிக் கேள்விகள் எழாது.

குழாய்க்குள் நடப்பது என்ன?

குழாயை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மெல்லிய செம்பு வளையங்களாகக் கற்பனை செய்துகொள்ளலாம். வடமுனை கீழ்நோக்கி இருக்குமாறு காந்தம் விழுகிறது எனக் கொள்வோம்.

காந்தத்திற்குக் கீழே உள்ள ஒரு வளையத்தைப் பார்ப்போம். காந்தம் நெருங்க நெருங்க அந்த வளையத்தின் ஊடாகச் செல்லும் காந்தப்பாயம் அதிகரிக்கிறது. பாயம் மாறும்போது வளையத்தில் மின்னியக்கு விசை தூண்டப்படும் என்பது மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த விதி. தூண்டப்படும் மின்னோட்டம், தன்னை உண்டாக்கிய மாற்றத்தை எதிர்க்கும் திசையிலேயே ஓடும் என்பது 1834இல் லென்ஸ் கூறியது. கீழ்நோக்கிய பாயம் அதிகரிப்பதால், வளையம் மேல்நோக்கிய புலத்தை உண்டாக்கியாக வேண்டும். அதற்கு மேலிருந்து பார்க்கும்போது மின்னோட்டம் இடஞ்சுழியாக ஓடும். அந்த வளையம் இப்போது வடமுனை மேல்நோக்கிய ஒரு சிறு காந்தம். நெருங்கி வரும் வடமுனையை அது மேலே தள்ளுகிறது.

காந்தம் கடந்து சென்ற வளையத்தில் நிலைமை நேர் எதிர். அங்கே கீழ்நோக்கிய பாயம் குறைந்துகொண்டிருக்கிறது. குறைவதை எதிர்க்க, அந்த வளையத்தில் மின்னோட்டம் வலஞ்சுழியாக ஓடி, கீழ்நோக்கிய புலத்தை உண்டாக்குகிறது. அதாவது அதன் கீழ்ப்பக்கம் வடமுனை. காந்தத்தின் மேல்பக்கமோ தென்முனை. இரண்டும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. கீழ் வளையம் தள்ளுவதும் மேல் வளையம் இழுப்பதும் ஒரே திசையில், மேல்நோக்கியே அமைகின்றன. காந்தத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் இரண்டு மின்னோட்டங்களின் திசையும் மாறும். விசையின் திசை மாறாது.

காந்தத்தின் நடுப்பகுதிக்கு நேராக இருக்கும் வளையத்தில் அந்தக் கணத்தில் பாயம் உச்சத்தில் இருக்கும். உச்சத்தில் இருப்பது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆகவே அங்கே மின்னோட்டம் இல்லை. வேலை முழுவதும் காந்தத்தின் இரு முனைகளையும் ஒட்டிய பகுதிகளில்தான் நடக்கிறது. இது பின்னால் ஒரு முக்கியமான இடத்தில் பயன்படும்.

ஏன் சீரான வேகம்? ஏன் நின்றுவிடுவதில்லை?

பாயம் எவ்வளவு விரைவாக மாறுகிறதோ அவ்வளவு மின்னோட்டம். பாயம் மாறும் விரைவு காந்தத்தின் வேகத்தைப் பொறுத்தது. எனவே தடுக்கும் விசை வேகத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கிறது:

F = k × v

இங்கு v காந்தத்தின் வேகம். k என்பது காந்தம், குழாய் ஆகியவற்றைப் பொறுத்த ஒரு மாறிலி. காந்தம் விழத் தொடங்கும்போது வேகம் குறைவு, தடையும் குறைவு. வேகம் கூடக் கூடத் தடை கூடி, ஒரு கட்டத்தில் காந்தத்தின் எடைக்குச் சமமாகிறது. அதன் பிறகு முடுக்கம் இல்லை. காந்தம் சீரான வேகத்தில் இறங்குகிறது. இதுவே முற்றுத் திசைவேகம்.

"இன்னும் வலிமையான காந்தம் போட்டால் நடுவிலேயே நின்றுவிடுமா?" என்று மாணவர்கள் கேட்பது வழக்கம். நிற்காது. நின்றால் வேகம் சுழி. வேகம் சுழியானால் மின்னோட்டம் இல்லை. மின்னோட்டம் இல்லையேல் தாங்கும் விசையும் இல்லை. செம்புக்கு மின்தடை இருப்பதால், தூண்டல் நின்ற கணத்திலேயே மின்னோட்டமும் அழிந்துவிடுகிறது. மின்தடையே இல்லாத மீக்கடத்தியில் மட்டும் மின்னோட்டம் அழியாமல் நீடித்துக் காந்தத்தைத் தாங்கி நிற்கும். சாதாரண உலோகம் காந்தத்தை மெதுவாக்கலாம், தாங்கிப் பிடிக்க முடியாது.

ஒரு கணக்கு

எளிதில் கிடைக்கும் பொருள்களை எடுத்துக்கொள்வோம். 12 மி.மீ. விட்டமும் 12 மி.மீ. உயரமும் உள்ள நியோடிமியம் காந்தம். அதன் நிறை ஏறத்தாழ 10 கிராம். ஏ.சி. பொருத்துபவர்கள் பயன்படுத்துவது போன்ற செம்புக் குழாய்; உள்விட்டம் 14 மி.மீ., சுவரின் தடிமன் 1 மி.மீ., நீளம் 1 மீட்டர்.

காந்தத்தை ஓர் இருமுனையாகக் கருதி, ஒவ்வொரு வளையத்திலும் எழும் விசையைக் கூட்டினால் பின்வரும் வாய்பாடு கிடைக்கிறது:

k = (45/1024) × μ₀² × M² × σ × w / a⁴

M என்பது காந்தத்தின் திருப்புத்திறன், σ உலோகத்தின் மின்கடத்து எண், w சுவரின் தடிமன், a குழாயின் சராசரி ஆரம். இந்தக் காந்தத்திற்கு M ஏறத்தாழ 1.3 ஆம்பியர்-சதுர மீட்டர். செம்பின் மின்கடத்து எண் மீட்டருக்கு 5.8 கோடி சீமென்சு. சராசரி ஆரம் 7.5 மி.மீ. இவற்றை இட்டால், வினாடிக்கு 1 மீட்டர் வேகத்திற்குச் சுமார் 2.1 நியூட்டன் தடை என்று k கிடைக்கிறது. காந்தத்தின் எடை 0.1 நியூட்டன். எனவே முற்றுத் திசைவேகம் 0.1 / 2.1, அதாவது வினாடிக்கு 5 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஒரு மீட்டரைக் கடக்க 20 வினாடிக்கு மேல் ஆகும். தடையின்றி விழுந்தால் ஆகியிருக்கக்கூடிய நேரம் 0.45 வினாடி. உண்மையான காந்தம் புள்ளி போன்ற இருமுனை அன்று என்பதால், கடிகாரம் காட்டும் நேரம் இதிலிருந்து சில வினாடிகள் வேறுபடலாம்.

முற்றுத் திசைவேகத்தை எட்ட ஆகும் நேரம் இன்னும் வியப்பானது. நிறையை k-ஆல் வகுத்தால் வருவது சுமார் 5 மில்லி வினாடி. கண் இமைக்கும் நேரத்தைவிட மிகக் குறைவு. காந்தத்தைக் குழாயின் வாய்க்கு 10 செ.மீ. மேலிருந்து போட்டால், வாயை அடையும்போது அதன் வேகம் வினாடிக்கு 1.4 மீட்டர். உள்ளே நுழைந்து ஒரு செ.மீ. அளவு போவதற்குள் அந்த வேகம் ஏறக்குறைய முழுவதும் இழக்கப்படும். யாரோ உள்ளே கையால் பிடித்துக்கொண்டதைப் போலத் தோன்றுவது இதனால்தான்.

மின்னோட்டம் எவ்வளவு? வளையத்தில் எழும் மின்னியக்கு விசை உச்சத்தில்கூட 0.6 மில்லிவோல்ட்தான். டார்ச் விளக்கு மின்கலத்தின் 1.5 வோல்ட்டில் இது ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கு. ஆனால் செம்பு வளையத்தின் மின்தடை மிக மிகக் குறைவு. எனவே கீழ்ப்பகுதியில் மொத்தம் 6 ஆம்பியர் ஒரு திசையிலும், மேல்பகுதியில் 6 ஆம்பியர் எதிர்த்திசையிலும் சுற்றுகின்றன. ஆறு ஆம்பியர் ஓடும் குழாயைத் தொட்டால் அதிர்ச்சி ஏற்படாதா என்று அஞ்ச வேண்டியதில்லை. அரை மில்லிவோல்ட்டால் தோலின் ஊடாக உணரத்தக்க மின்னோட்டத்தைச் செலுத்த முடியாது.

விழும் காந்தம் இழக்கும் நிலையாற்றல் வேகமாக மாறவில்லை. அப்படியானால் அது எங்கே போயிற்று? செம்பைச் சூடாக்கியது. ஆனால் ஒரு மீட்டர் இறக்கத்தில் இழந்த ஆற்றல் 0.1 ஜூல் மட்டுமே. குழாயின் நிறையோ 420 கிராம். வெப்பநிலை உயர்வு ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. குழாயைத் தொட்டுச் சூட்டை உணரலாம் என்று சிலர் சொல்வது சரியல்ல. உணர்ந்தால் அது பிடித்திருக்கும் கையின் சூடு.

இதே கணக்கிலிருந்து இன்னொரு சோதனையும் கிடைக்கிறது. குழாயை நூலில் கட்டிச் சுருள்வில் தராசில் தொங்கவிட்டால் 420 கிராம் காட்டும். காந்தம் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும் 20 வினாடிகளிலும் அது 430 கிராம் காட்டும். குழாய் காந்தத்தை மேலே தள்ளும் அதே விசையால் காந்தமும் குழாயைக் கீழே தள்ளுகிறது. எதையும் தொடாமல் மிதந்து இறங்கும் காந்தத்தின் முழு எடையையும் குழாயே சுமக்கிறது. இதற்கு எண்முறைத் தராசைப் பயன்படுத்தக் கூடாது. காந்தம் அடியை நெருங்கும்போது தராசினுள் இருக்கும் இரும்புப் பாகங்களை ஈர்த்து அளவைக் கெடுக்கும்.

சோதனை சரிவராதபோது

மேற்கண்ட வாய்பாட்டின் கீழ்ப்பகுதியில் இருக்கும் a⁴ தான் பலரின் ஏமாற்றத்திற்குக் காரணம். அதே காந்தத்தை 20 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயில் போட்டால், சராசரி ஆரம் 7.5-இலிருந்து 10.5 மி.மீ. ஆகிறது. ஆரம் 1.4 மடங்குதான் கூடியது. தடையோ கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. 20 வினாடி என்பது 5 அல்லது 6 வினாடியாகிவிடும். காந்தத்திற்கும் சுவருக்கும் இடையே ஒரு மி.மீ. இடைவெளி இருந்தால் போதும். அகலமான குழாயில் இன்னொரு தொல்லையும் உண்டு: தட்டையான காந்தம் புரண்டுவிடும், முனைகள் பக்கவாட்டில் திரும்பும், ஒவ்வொரு முறையும் வேறு வேறு நேரம் கிடைக்கும். நேரங்கள் ஒன்றுக்கொன்று பெரிதும் மாறுபட்டால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்தது உலோகம். சுத்தமான அலுமினியத்தின் கடத்துத்திறன் செம்பினுடையதில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு. அதே அளவுள்ள குழாயில் காந்தம் சுமார் 13 வினாடியில் வந்துவிடும். கடையில் கிடைக்கும் அலுமினியக் குழாய்கள் பெரும்பாலும் கலப்புலோகம் என்பதால் இன்னும் சற்று விரைவாகவே வரும். பித்தளையில் 6 வினாடி. எவர்சில்வர் குழாயில் மின்தடை செம்பைப் போல நாற்பது மடங்கு, அங்கே 0.7 வினாடி ஆகும் என்று கணக்குச் சொல்கிறது. 0.45-க்கும் 0.7-க்கும் உள்ள வேறுபாட்டைக் கையில் பிடித்த கடிகாரத்தால் நம்பகமாக அளக்க முடியாது. இரும்புக் குழாயை எடுக்கவே கூடாது. காந்தம் சுவரில் ஒட்டிக்கொள்ளும்; அது வேறு கதை.

காந்தத்தை நீளமாக்கினால் இன்னும் மெதுவாகும் என்று எண்ணி, நான்கைந்து காந்தங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் போடுவார்கள். இங்கேதான் முன்பு கண்ட உண்மை பயன்படுகிறது. தடை எழுவது முனைகளை ஒட்டிய பகுதியில் மட்டுமே. எத்தனை காந்தங்களை அடுக்கினாலும் முனைகள் இரண்டுதான். ஒரு நீளத்திற்கு மேல் தடை கூடுவதில்லை, எடை மட்டும் கூடுகிறது. ஆகவே நீளமான அடுக்கு வேகமாகவே விழும்.

குழாயில் நீளவாக்கில் ஒரு பிளவு போட்டால் என்ன ஆகும்? வளையம் அறுந்துவிட்டது, காந்தம் தடையின்றி விழும் என்று சில நூல்களில் காணலாம். செய்து பார்த்தால் அப்படி நடப்பதில்லை. காந்தம் வேகமாக விழும். ஆனால் தடையின்றி விழாது. கீழ் வளையத்து மின்னோட்டமும் மேல் வளையத்து மின்னோட்டமும் எதிரெதிர்த் திசையில் ஓடுபவை. பிளவின் ஓரத்தை அடைந்த மின்னோட்டம் அந்த ஓரமாகவே மேலேறி, மேல்பகுதியில் திரும்பிச் சுற்றி, மறு ஓரம் வழியாகக் கீழே இறங்கித் தன் சுற்றை முடித்துக்கொள்கிறது. சுழல் மின்னோட்டத்தை உண்மையாகவே ஒடுக்க வேண்டுமானால் பல பிளவுகள் போட்டு எல்லாப் பாதைகளையும் குறுக்க வேண்டும். மின்மாற்றியின் உள்ளகத்தைக் காப்பிட்ட மெல்லிய தகடுகளால் அடுக்குவது இதற்காகத்தான்.

இதே தடை, தடுப்பானாக

விசை வேகத்திற்கு நேர்விகிதத்தில் இருப்பது எவ்வளவு பயனுள்ள பண்பு என்பதற்குப் பழைய மின்மீட்டரே சான்று. எண்முறை மீட்டர்கள் வருவதற்கு முன், வீடுகளில் கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அலுமினியத் தட்டு மெல்லச் சுழன்றுகொண்டிருக்கும். வீட்டில் செலவாகும் மின்திறனுக்கு நேர்விகிதத்தில் ஒரு திருப்புவிசை அதைச் சுழற்றும். அது மட்டும் இருந்தால் தட்டின் வேகம் கூடிக்கொண்டே போகும். தட்டின் ஓரத்தைக் கவ்வியபடி இருக்கும் ஒரு நிலைக்காந்தம், சுழல் மின்னோட்டத்தால் அதைத் தடுக்கிறது. தடை வேகத்திற்கு நேர்விகிதம். இயக்கும் விசை மின்திறனுக்கு நேர்விகிதம். இரண்டும் சமமாகும்போது வேகம் மின்திறனுக்கு நேர்விகிதமாகிவிடுகிறது. குழாய்க்குள் காந்தத்தின் எடை செய்த வேலையை இங்கே மின்திறன் செய்கிறது. சுற்றுகளை எண்ணினால் செலவான யூனிட் தெரிந்துவிடும். தடை காந்தப்புலத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், அந்த நிலைக்காந்தம் நூற்றுக்கு 1 பங்கு வலுவிழந்தால் மீட்டர் நூற்றுக்கு 2 பங்கு வேகமாக ஓடும். கட்டணமும் அந்த அளவு கூடும். மீட்டரின் துல்லியம் அந்தச் சிறு காந்தத்தைத்தான் நம்பியிருந்தது.

வாகனங்களை நிறுத்தும் காந்தத் தடுப்பானுக்கு இதே பண்பு ஒரு குறை. பூங்காக்களில் உயரத்திலிருந்து விழும் ராட்டினங்களில், இருக்கையோடு வரும் உலோகத் தகடுகள் காந்த வரிசைகளுக்கிடையே நுழைகின்றன. மின்சாரம் நின்றுபோனாலும் இந்தத் தடை வேலை செய்யும். தேய்வதற்கு எதுவும் இல்லை. ஆனால் வேகம் குறையக் குறையத் தடையும் குறைந்துகொண்டே வருவதால், முழுதாக நிறுத்திப் பிடித்து வைக்க வேறு ஏற்பாடு வேண்டும். ஜெர்மனியின் ஐ.சி.இ. 3 அதிவேக ரயில்களில், தண்டவாளத்திற்கு மிக அருகே மின்காந்தங்களை இறக்கித் தண்டவாளத்திலேயே சுழல் மின்னோட்டத்தைத் தூண்டும் தடுப்பான் உண்டு. அங்கும் இறுதி நிறுத்தம் உராய்வுத் தடுப்பானுடையது. ரயிலின் இயக்க ஆற்றல் இங்கே தண்டவாளத்தைச் சூடாக்குகிறது. எனவே அதைத் தாங்கும் வகையில் அமைந்த பாதைகளில் மட்டுமே இதை வழக்கமாகப் பயன்படுத்த முடியும்.

மிக அதிக வேகத்திலும் F = k × v என்ற விதி பொருந்தாது. மின்னோட்டம் பெரிதாகும்போது அது உண்டாக்கும் எதிர்ப்புலமும் பெரிதாகி, காந்தத்தின் புலத்தை உலோகத்திற்குள் புகவிடாமல் தள்ளுகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தடை உச்சத்தைத் தொட்டு, அதற்கு மேல் குறையத் தொடங்கும். ஒரு மி.மீ. தடிமனுள்ள செம்புத் தகட்டிற்கு இந்த வேகம் வினாடிக்கு 27 மீட்டர் அளவில் இருக்கும். தகடு தடிமனாக இருந்தால் குறையும். வினாடிக்கு 5 செ.மீ. வேகத்தில் இறங்கும் நம் காந்தம் அந்த எல்லைக்கு ஐந்நூறு மடங்கு கீழே இருக்கிறது.